வெளிக்கிடேக்க தும்மல்: “நூறு” எண்டிறதா, “கொஞ்சம் இரு” எண்டிறதா?

குளக்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். பிரதேச மலர் ஒண்டுக்கு எங்கட பக்கத்து வாழ்த்துச் சொல்லுகளைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறன். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஆக்கள் சொன்னதைக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். ஒரு இடத்தில முட்டிக்கொண்டு நிக்குது.

சின்னப்பிள்ளை தும்மினா “நூறு” எண்டு சொல்லுறம். நூறு வயசு இருக்கவேணும் எண்ட வாழ்த்து. அதே தும்மல் ஒருத்தர் பயணம் வெளிக்கிட்டு முத்தத்தில இறங்கேக்க கேட்டால், “தடை, கொஞ்சம் இருந்திட்டுப் போ” எண்டு மறிக்கிறம். ஒரே தும்மல் ஒரு இடத்தில நல்லது, இன்னொரு இடத்தில கூடாதது. கேட்ட ஆக்களெல்லாம் ரெண்டையும் சொல்லுகினம், ஆனா ஒருத்தருக்கும் அது முரணாத் தெரியேல்லை. இதை எப்பிடி விளங்கப்படுத்திறது?

நெடுங்கேணிப் பெடியன்

இதில முரண் ஒண்டுமில்லை அண்ணை. ஒற்றைத் தும்மல் கூடாது, ரெட்டைத் தும்மல் நல்லது. அவ்வளவுதான். மற்றது, தும்மேக்க ஒரு நொடி இதயம் நிண்டு திரும்ப ஓடுது. செத்துப் பிழைச்ச மாதிரி. அதாலதான் “நூறு” எண்டு ஆயுசைச் சொல்லுறது.

தாதி அக்கா

தம்பி, இதயம் நிக்கிறதில்லை. தும்ம முதல் மூச்சை இழுத்து அடக்கேக்க நெஞ்சுக்குள்ள அமுக்கம் ஏறும், விடேக்க சடாரெண்டு இறங்கும். அதால ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில உள்ள நேரம் கொஞ்சம் மாறலாம். மின்னோட்டம் அறுகிறதில்லை, துடிப்பு நிக்கிறதில்லை. நெஞ்சில இயந்திரம் பூட்டியிருக்கிற நோயாளர் தும்மேக்க திரையைப் பாத்தா ஆருக்கும் தெரியும். கோடு தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தென்னந்தோப்பு

நல்ல நேரத்தில இந்த இழை வந்திருக்கு. எங்கட மகனுக்கு ஆறு வயசு. காலமை எழும்பினா பத்துப் பன்ரெண்டு தும்மல் வரும், பிறகு மூக்கால தண்ணி. “நூறு” சொல்லியே அம்மம்மாவுக்கு வாய் உளையுது. மஞ்சள் சுட்டு மணக்கக் குடுத்தா நிக்குமோ?

தாதி அக்கா

மஞ்சள் புகை வேண்டாம் அக்கா. ஏற்கெனவே அழுத மூக்கை அது இன்னும் அழப்பண்ணும். எழும்பின உடனதான் கூட வருதெண்டா முதல்ல தலகாணியையும் விரிக்கிற பாயையும் பாருங்கோ. வாரத்துக்கு ஒருக்கா உறையைச் சுடுதண்ணியில தோய்ச்சு, தலகாணியை நல்ல வெயிலில போடுங்கோ. சூடு அடிக்கிற காலத்தில மட்டும் கூடுதெண்டா நெல்லுத் தூசு. மாசக்கணக்கா விடாமல் இருந்தாலோ மூச்சு இரைஞ்சாலோ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஆச்சியின் பேத்தி

தென்னந்தோப்பு அக்கா வேற கேள்வி கேட்டாலும் இழைக்குத் தேவையான ஒண்டைச் சொல்லிப்போட்டா. பன்ரெண்டு தும்மலுக்கும் “நூறு” சொல்லுறேல்லை. எங்கட ஆக்கள் முதல் தும்மலுக்கு “நூறு” எண்டுவினம், ரெண்டாவதுக்குச் சில வீட்டில “இருநூறு” எண்டு சிரிப்பினம், மூண்டாவதோட “தடிமன் பிடிச்சிட்டுது, தலையைத் துடை” எண்டு கதை மாறியிடும். பயணத் தடையும் அப்பிடித்தான். தடிமன்காரன் வீட்டில இருந்து விடாமல் தும்மினா அதைப் பாத்து ஒருத்தரும் இருக்கமாட்டினம். “அவனுக்குத் தடிமன், நீ போ” எண்டுவினம். தும்மலுக்குக் காரணம் தெரிஞ்சிட்டா அது சகுனமில்லை. காரணம் தெரியாமல், எதிர்பாராமல், சரியா அந்த நேரத்தில வந்தாத்தான் கணக்கு.

குளக்கட்டுத் தம்பி, உங்கட கொப்பியில ஆர் தும்மினது, ஆர் வெளிக்கிட்டது எண்டு ரெண்டையும் தனித்தனிய எழுதியிருக்கிறியளா? அதைப் பாத்தா முடிச்சு அவிழும் எண்டு நினைக்கிறன்.

குளக்கட்டு

இல்லை அக்கா. “வெளிக்கிடேக்க தும்மினா தடை” எண்டுதான் எழுதியிருக்கிறன். தும்மினது ஆரெண்டு கேக்கேல்லை.

பழைய வாத்தியார்

ஆச்சியின் பேத்தி சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். ஒரு காட்சியை எடுத்து மெதுவாகப் பார்ப்போம்.

விடியற்காலை. தகப்பன் வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையால் இறங்குகிறார். பாயில் கிடந்த மூன்று வயதுப் பிள்ளை ஒரு தும்மல் தும்முகிறது. பெத்தாச்சி என்ன செய்வார்? பிள்ளையின் உச்சியில் கைவைத்து “நூறு” என்பார். அதே மூச்சில் தலையைத் திருப்பி, “தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ” என்பார். ஒரு தும்மலுக்கு இரண்டு சொற்கள், இரண்டு ஆட்களுக்கு. தும்மியவரின் ஆயுளுக்கு வாழ்த்து. வெளிக்கிட்டவரின் பயணத்துக்குத் தாமதம். பெத்தாச்சிக்கு இதில் முரண் தெரியாததற்குக் காரணம், முரண் இல்லை என்பதுதான். தும்மல் கூடாதது என்று அவர் நினைத்திருந்தால் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கமாட்டார், திருநீற்றை எடுத்திருப்பார்.

முரண் வருவது ஒரே ஓர் இடத்தில்தான்: வெளிக்கிடுகிற ஆளே தும்மினால். அங்கே வாழ்த்தும் தடையும் ஒரே தலையில் விழுகின்றன. அந்த இடத்தில் வீட்டுக்கு வீடு வேறுபடும். உங்கள் கட்டுரைக்கு அதுதான் நல்ல இடம்.

நெடுங்கேணிப் பெடியன்

வாத்தியார், அப்ப ஒற்றை ரெட்டைக் கணக்கு பிழையோ? எங்கட ஊரில சின்னனில இருந்து கேட்டது அதுதான்.

பழைய வாத்தியார்

பிழையில்லைத் தம்பி, பாதி சரி. ஒற்றை ரெட்டை பயணத் தடைக்கு மட்டுமான கணக்கு. முதல் தும்மலோடு ஆள் நின்றுவிடுவார். உடனே இரண்டாவது வந்தால் “சரி, ரெட்டை, போ” என்பார்கள். அதாவது இரண்டாவது தும்மல் முதல் தும்மலைக் கழித்துவிடுகிறது. ஆனால் வாழ்த்துக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒற்றைத் தும்மல் தும்மிய பிள்ளைக்கும் “நூறு”தான்.

வயதில் மூத்தவர் தும்மினால் இளையவர் “நூறு” என்று சொல்லுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆயுள் வாழ்த்து மேலிருந்து கீழே வருவது. பேரன் அப்பப்பாவுக்கு ஆயுசு சொல்லமாட்டான். அப்பப்பா தும்மினால் அவரே “சிவசிவா” என்றோ “முருகா” என்றோ சொல்லிக்கொள்வார். சுற்றியிருப்பவர்கள் பேசாமல் இருப்பார்கள்.

குளக்கட்டு

ஐயா, தும்மினா வாழ்த்துச் சொல்லுறது எங்களுக்கு வெளியில இருந்து வந்த பழக்கம் எண்டு ஒரு சேர் சொன்னார். வெள்ளைக்காரரைப் பாத்துப் பழகினதாம்.

பழைய வாத்தியார்

குறள் 1312ஐ அவருக்குக் காட்டுங்கள்.

ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை
நீடுவாழ் கென்பாக் கறிந்து.

ஊடலில் பேசாமல் இருக்கிறாள். அவளைப் பேசவைக்க அவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் “நீடு வாழ்க” என்று சொல்லியே ஆகவேண்டும், ஊடல் என்றாலும் அதை விழுங்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். வழக்கம் எவ்வளவு வேரோடியிருந்தால் இப்படி ஒரு தந்திரம் செய்யலாம் என்று பாருங்கள். அதே அதிகாரத்தில் 1317இல் அவள் வாழ்த்தவும் செய்கிறாள், உடனே “யாரை நினைத்துத் தும்மினீர்” என்று அழவும் செய்கிறாள். ஆகவே இரண்டு நம்பிக்கைகள் அங்கே அருகருகே இருக்கின்றன. தும்மினால் வாழ்த்தவேண்டும். தும்மினால் யாரோ நினைக்கிறார்கள்.

இந்த இரண்டாவது இன்று தும்மலை விட்டுப் பெரும்பாலும் இறங்கிவிட்டது. இப்போது சாப்பிடும்போது புரைக்கேறினால்தான் தலையில் தட்டி “ஆரோ நினைக்கினம்” என்கிறோம். விக்கலுக்கும் அப்படி. நம்பிக்கை அழியவில்லை, உடம்பின் வேறொரு அசைவுக்கு இடம்மாறி இருந்துகொண்டது. வாழ்த்து மட்டும் தும்மலோடு நின்றது. அதிலும் ஒரு பழைய ஒட்டு இருக்கிறது. கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆளே வந்து நின்றால் “உனக்கு நூறு வயசு” என்கிறோம் அல்லவா? நினைத்தலும் ஆயுளும் அங்கே இன்னும் சேர்ந்தே நிற்கின்றன.

முசலி மகள்

ஸலாம். எங்கட ஒழுங்கு வேற மாதிரி. அதையும் சேர்த்தா உங்கட கட்டுரை நிறையும் எண்டு எழுதுறன்.

எங்களில முதல்ல சொல்ல வேண்டியவர் தும்மினவர். “அல்ஹம்துலில்லாஹ்” எண்டு அல்லாஹ்வைப் புகழவேணும். அதைக் கேட்டவர் “யர்ஹமுக்கல்லாஹ்”, அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும் எண்டு சொல்லவேணும். அதுக்குத் தும்மினவர் “யஹ்தீக்குமுல்லாஹு வ யுஸ்லிஹு பாலக்கும்” எண்டு திருப்பி வாழ்த்துவார். மூண்டு படி. முதல் படி இல்லையெண்டா ரெண்டாவது இல்லை. தும்மினவர் புகழாமல் விட்டா மற்றவர் துஆச் செய்யத் தேவையில்லை. திரும்பத் திரும்பத் தும்மினா மூண்டோட அது தடிமன் எண்டு விடுற வழக்கம் எங்களிலயும் இருக்கு. ஆச்சியின் பேத்தி அக்கா சொன்னதை வாசிக்க அது ஞாபகம் வந்தது.

வயசுப் படிநிலை எங்களில இல்லை. மகள் வாப்பாவுக்குச் சொல்லலாம், சொல்லவும் வேணும்.

பயணத்துக்குத் தும்மல் தடை எண்டிறது மார்க்கத்தில இல்லை. சகுனம் பாக்கிறதை விலக்கியிருக்கு. தும்மலை அல்லாஹ் விரும்புறான், கொட்டாவியை வெறுக்கிறான் எண்டு ஹதீஸ் இருக்கு. அப்ப தும்மல் எப்பிடிக் கெட்ட சகுனமாகும்? வீட்டால வெளிக்கிடேக்க ஓதுறது “பிஸ்மில்லாஹி தவக்கல்து அலல்லாஹ், லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்”. அல்லாஹ்வில பொறுப்பை விட்டுட்டன் எண்டு சொன்னாப்பிறகு தும்மலுக்காகத் திரும்பி வந்து குந்தினா, சொன்ன சொல்லுக்கே அது எதிர்.

ஆனா உண்மையையும் சொல்லவேணும். பழைய மூத்தம்மாமார் சிலர் “கொஞ்சம் இருந்திட்டுப் போங்க” எண்டு சொல்லுவாங்க. ஏன் எண்டு கேட்டா தண்ணி குடிக்கச் சொன்னதெண்டு மழுப்புவாங்க.

பழைய வாத்தியார்

முசலி மகளின் பதிவு அருமை. சொல்லின் திசையை வைத்து நம்பிக்கையைப் படிக்கலாம் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று. எங்கள் “நூறு” கேட்டவரிடம் தொடங்கித் தும்மியவரின் ஆயுளில் முடிகிறது. தும்மியவர் பதில் சொல்லத் தேவையில்லை. நடுவில் கடவுள் பெயரும் இல்லை, மூத்தவரின் வாய்ச்சொல்லே பலிக்கும் என்ற எண்ணம். அவர்களுடையது தும்மியவரின் நன்றியில் தொடங்குகிறது.

இன்னொன்றும் சேர்க்கிறேன். வவுனியா எல்லைக் கிராமங்களில் சிங்களச் சனத்தோடு பழகியவர்களுக்கு “ஆயுபோவன்” என்பது ஆயுள் நீளட்டும் என்ற வாழ்த்து என்று தெரியும். பௌத்தரின் விநய நூலில், சுல்லவக்கத்தில், தும்மல் பற்றி ஒரு செய்தி உண்டு. புத்தர் போதித்துக்கொண்டிருக்கும்போது தும்முகிறார். பிக்குகள் எல்லாரும் “வாழ்க” என்று சத்தமிடப் போதனை குழம்புகிறது. தும்மினவரை வாழ்க என்று சொல்வதால் ஒருவர் வாழவோ சாகவோ போகிறாரா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார்கள். அப்படியானால் சொல்லவேண்டாம் என்கிறார். பிறகு சனங்கள் பிக்குகளுக்கு வாழ்த்துச் சொல்ல, அவர்கள் தயங்கிப் பேசாமல் இருக்க, சனம் குறைப்படுகிறது. அதன்பின் புத்தர், இல்லறத்தார் மங்கலத்தை விரும்புகிறவர்கள், அவர்கள் வாழ்த்தினால் நீங்களும் “நீடு வாழ்க” என்று சொல்லலாம் என்று அனுமதிக்கிறார். நம்பாத ஒன்றை, மற்றவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக மட்டும் சொல்லலாம் என்ற முடிவு அது. இன்று படித்த பிள்ளைகள் “நம்பிக்கை இல்லை, சும்மா சொல்லுறது” என்கிறார்களே, அந்தச் “சும்மா”வுக்கும் அவ்வளவு பழமை உண்டு.

குளக்கட்டு

ஐயா, அந்தச் “சும்மா”தான் என்னைக் குழப்புது. ஐம்பது பேரைக் கேட்டா நாப்பது பேர் “நம்பிக்கையில்லை, பழக்கம்” எண்டுகினம். பழக்கம் எது, நம்பிக்கை எது எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

பழைய வாத்தியார்

“நம்புகிறீர்களா” என்று கேட்காதீர்கள். படித்த பிள்ளை கொப்பியும் கையுமாக வந்து கேட்டால் ஆரும் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். சொல்லத் தவறினால் என்ன நடக்கிறது, எங்கே சொல்லாமல் விடுகிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள்.

வீட்டால் போகும்போது “போறன்” என்று நாங்கள் சொல்வதில்லை. “போட்டு வாறன்” அல்லது வெறுமனே “வாறன்”. இதில் வினைமுற்று வருதல்தான். போதல் அதற்குள் அடங்கிப்போகிறது. வழியனுப்புகிறவரும் “போங்கோ” என்று முடிக்கமாட்டார், “ஓம், போட்டு வாங்கோ” என்பார். சின்னப்பிள்ளை தெரியாமல் “போறன்” என்று சொல்லிவிட்டால் தாய் உடனே திருத்துவாள்: “போறன் எண்டிறேல்லை, வாறன் எண்டு சொல்லு.” பிள்ளை திரும்பச் சொன்னபிறகுதான் படலை திறக்கும். வெறும் பழக்கமானால் இந்தத் திருத்தம் தேவையில்லை.

இப்போது செத்தவீட்டை நினையுங்கள். அங்கிருந்து வரும்போது “போட்டு வாறன்” என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பி வருவார்கள், கூடினால் ஒரு தலையாட்டு. வீட்டுக்காரரும் வழியனுப்ப வரமாட்டார்கள். ஏன்? அந்த வீட்டுக்கு இதே காரியத்துக்குத் திரும்பி வருவேன் என்ற பொருள் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத்தரம் யோசிக்காமல் சொல்லும் சொல், செத்தவீட்டு வாசலில் திடீரென்று தன் முழுப்பொருளோடு எழுந்து நிற்கிறது. பொருள் செத்துப்போன சொல்லுக்கு அப்படி அஞ்சமாட்டோம்.

தாதி அக்கா

வாட்டிலயும் இது நடக்கும் சேர். துண்டு வெட்டி வீட்டுக்குப் போற வயசான ஆக்கள் பழக்கத்தில “வாறன் மகள்” எண்டு வாயெடுத்திட்டு, நடுவில நிப்பாட்டி, “இஞ்ச வாறன் எண்டு சொல்லக்கூடாது, போறன்” எண்டு திருத்துவினம். நாங்களும் “திரும்ப வாங்கோ” எண்டு சொல்லமாட்டம். கிளினிக்குக்குத் திகதி குடுக்கேக்க கூட “வாங்கோ” எண்டாமல் “கிளினிக்கில காட்டுங்கோ” எண்டு சொல்லுற தாதிமார் இருக்கினம்.

கரைவலை

முல்லைத்தீவுக் கரையில நாங்கள் வேதக்காரர். தும்மினா பெரியாக்கள் “சேசு மரி சூசை” எண்டுவினம். வெளிக்கிடேக்க பிள்ளையின்ர நெத்தியில பெருவிரலால சிலுவை போட்டு விடுவினம். கடலுக்குப் போற ஆளை “எங்க போறியள்” எண்டு கேக்கிறேல்லை, பின்னால நிண்டு கூப்பிடுறதுமில்லை. தும்மல் தடை எண்டு சாமி ஒருநாளும் பிரசங்கத்தில சொல்லமாட்டார். ஆனா தோணியில கைவைச்ச நேரம் கரையில ஆரும் தும்மினா பழைய ஆக்கள் ஒருக்கா நிண்டு, அந்தோனியாரை நினைச்சு, சிலுவை போட்டிட்டுத்தான் தள்ளுவினம். தண்ணி குடிக்கிறதுக்குப் பதிலாச் சிலுவை. நிக்கிறது ஒண்டுதான்.

ஆச்சியின் பேத்தி

“எங்க போறியள்” எண்டு கேக்காதது எங்கட பக்கமும் இருக்கு. “தூரமோ?” எண்டு கேப்பினம். “ஓம், கொஞ்சம் தூரம்” எண்டு பதில் வரும். ரெண்டு பேருக்கும் விளங்கும்.

தடையைக் கழிக்கிற முறையை முழுசா எழுதுறன், கட்டுரைக்கு உதவும். தும்மல் கேட்டவுடன ஆள் நிக்கவேணும். திரும்பி உள்ள வந்து குந்தவேணும், நிண்டபடி இல்லை. பையையும் தோளால இறக்கி நிலத்தில வைக்கவேணும். பையைத் தோளில வைச்சுக்கொண்டு குந்தினா அது இருந்ததாகாது எண்டுவா ஆச்சி. ஒரு செம்புத் தண்ணி, அல்லது ரெண்டு மிடறு. சாமிப் படத்துக்கு முன்னால திருநூறு. பிறகு புதுசா வெளிக்கிடுற மாதிரி “போட்டு வாறன்” எண்டு இன்னொருக்காச் சொல்லி இறங்கவேணும். இந்த ரெண்டாவது “வாறன்” முக்கியம். முதல் சொன்னது முறிஞ்சுபோச்சு.

எல்லாம் சேர்த்து ஐஞ்சு நிமிசம். பஸ்ஸுக்கு நேரமில்லையெண்டா ஒவ்வொண்டாக் கழரும். முதல்ல திருநூறு போகும், பிறகு தண்ணி, பிறகு குந்திறது. கடைசியா மிஞ்சுறது நிண்ட நிலையில ஒரு மூச்சு, “பிள்ளையாரே” எண்ட ஒரு சொல்லு. அதுகும் இல்லாமல் போற ஆளை நான் காணேல்லை. “நம்பிக்கையில்லை” எண்டு சொல்லுற ஆக்களும் அந்த ஒரு மூச்சுக்கு நிக்கினம்.

நெடுங்கேணிப் பெடியன்

அக்கா, படலையைத் தாண்டினாப்பிறகு தும்மல் கேட்டா? எங்கட வளவில வீட்டில இருந்து படலைக்கு ஐம்பது யார் வரும். பாதி வழியில கேட்டா என்ன செய்யிறது?

ஆச்சியின் பேத்தி

படலைக்கு உள்ளயெண்டா திரும்பலாம். தாண்டினா திரும்பக்கூடாது, திரும்பிறதுதான் அதைவிடத் தடை. ஒழுங்கையில நிண்டு சாமியை நினைச்சிட்டுப் போறது. யாழ்ப்பாணப் பக்கம் போற ஆக்களெண்டா முறிகண்டியில பாத்துக்கொள்ளலாம் எண்டுவினம்.

பழைய வாத்தியார்

முறிகண்டியைப் பற்றி ஒரு சொல். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ-9 வீதியோரப் பிள்ளையார். போகிற வாகனங்கள் நின்று, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும். வீட்டில் முறையாகத் தொடங்காத பயணத்தை வழியில் திருத்திக்கொள்ளும் இடமாகவும் சனம் அதை வைத்திருக்கிறது. வீட்டு வாசலில் தவறியது வழிவாசலில் சரியாகிறது.

இதைவைத்து நம்பிக்கையின் தன்மையைச் சொல்லலாம். தும்மல் விதியை அறிவிக்கிறது என்று நினைத்திருந்தால் ஐந்து நிமிடம் குந்தி எழுந்தால் எப்படி மாறும்? மாறாது. ஆக, கெட்டது பயணம் இல்லை, அந்த நேரம். அந்த நேரம் கழியட்டும், புதிதாகத் தொடங்கு என்பதுதான் பரிகாரம். நல்ல நேரத்தில் பையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு ராகுகாலத்தில் ஆள் போனாலும் பரவாயில்லை என்று செய்வார்களே, அதற்கும் இதே கணக்கு. ராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம், தும்மலுக்கு ஐந்து நிமிடம். அளவுதான் வேறு.

முசலி மகள்

வாத்தியார், நேரத்துக்கு நல்லது கெட்டது இல்லையெண்டுதான் எங்கட நிலைப்பாடு. நீங்கள் விளங்கப்படுத்தினது நல்லா இருக்கு, ஆனா கட்டுரையில “வன்னி மக்கள்” எண்டு பொதுவா எழுதினா எங்களையும் சேர்த்துவிடும். குளக்கட்டு, அந்த இடத்தில ஆர் எண்டு சொல்லி எழுதுங்க.

குளக்கட்டு

கட்டாயம். ஒவ்வொரு வழக்கத்துக்கும் பக்கத்தில எந்த ஊர், எந்தச் சமயம், எத்தினை வீட்டில கேட்டது எண்டு எழுதுறன்.

“வாறன்” பற்றி இன்னொரு கேள்வி. கேக்கலாமோ தெரியேல்லை. காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர வீடுகளில அந்தச் சொல்லு எப்பிடி இருக்கு? அதையும் எழுதினாத்தான் எங்கட இடத்தின்ர கட்டுரையா இருக்கும் எண்டு ஒரு மனம் சொல்லுது.

ஆச்சியின் பேத்தி

தம்பி, அதைக் கேட்டு எழுதாதேங்கோ. கிளிநொச்சியில கந்தசுவாமி கோயில் முன்னால 2017 பெப்ரவரி 20 தொடங்கின போராட்டத்தில இருந்த தாய்மாருக்கு அது ஆராய்ச்சிப் பொருள் இல்லை. “வாறன்” எண்டு சொல்லிப் போன பிள்ளை இன்னும் வரேல்லை, செத்தவீடும் நடக்கேல்லை. அந்த வீட்டுக்குப் போனா, வெளிக்கிடேக்க நீங்கள் “வாறன் அம்மா” எண்டு தெளிவாச் சொல்லுங்கோ. சொன்னா ஒருக்காத் திரும்பிப் போய்ப் பாருங்கோ. அவையளாச் சொன்னாக் கேளுங்கோ, கொப்பியை எடுக்காதேங்கோ.

பழைய வாத்தியார்

அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பேத்தி சொன்னபடியே செய்யுங்கள்.

மற்ற வீடுகளில், கொப்பியில் பதியும் முறையை மட்டும் மாற்றுங்கள். கேட்டுப் பதிவதைவிடக் கண்டு பதிவது நல்லது. ஆர் தும்மியது, ஆர் வெளிக்கிட்டது, இருவருக்கும் என்ன உறவு, படலைக்கு உள்ளேயா வெளியேயா, தும்மல் எத்தனை, ஆர் வாய் திறந்தது, சொன்ன சொல் அப்படியே, அதற்குப் பிறகு ஆள் என்ன செய்தார். சொல்லை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். “நூறு” என்று சொன்னதை “நூறாண்டு வாழ்க” என்று அழகாக்கி எழுதினால், கடவுள் பெயரும் வினையும் இல்லாத அந்த ஒற்றைச் சொல்லின் தன்மை போய்விடும்.

தென்னந்தோப்பு

தலகாணி உறையைத் தோய்ச்சு வெயிலில போட்டாச்சு தாதி அக்கா, நன்றி. அம்மம்மாவைக் கேட்டன், வெளிக்கிடுற ஆளே தும்மினா என்ன எண்டு. அது தடையில்லையாம். “தன் தும்மல் தனக்குத் தடையாகாது, நூறு சொல்லி அனுப்பு” எண்டா.

நெடுங்கேணிப் பெடியன்

எங்கட வீட்டில நேர்மாறு. தன் தும்மல்தான் பெரிய தடையாம், உடம்பே மறிக்குதாம். மற்றவையின்ர தும்மலுக்குத் தண்ணி போதும், தன் தும்மலுக்குக் கட்டாயம் உள்ள வந்து குந்தவேணுமாம்.

கரைவலை

எங்கட கரையில அதுக்கு ரெண்டும் இல்லை. தும்மின ஆளே சிலுவை போட்டிட்டுப் போவார்.

குளக்கட்டு

மூண்டு வீடு, மூண்டு விடை. இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப ஊர் ஊராப் போறன். முதல்ல ஒட்டுசுட்டான். அங்க எழுதி வைச்ச பதினொரு வீட்டிலயும் தும்மினது ஆரெண்டு கேக்காமல் வந்திட்டன்.

ஆச்சியின் பேத்தி

போட்டு வாங்கோ தம்பி. ஒட்டுசுட்டானில குளத்துப் பக்கத்து வீடுகளையும் கோயிலடி வீடுகளையும் வேற வேறயா எழுதுங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சொல்லமாட்டினம்.